தவணையும் விலையும்: எல்லையோர மளிகைக் கடையிலிருந்து பொள்ளாச்சி மொத்தக் கடைக்குச் சென்ற ஒரு கடிதம்

பின்னணி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு சிற்றூரில் பதினைந்து ஆண்டுகளாக நடந்துவரும் மளிகைக் கடை ஒன்றைப் பற்றியது இந்தப் பதிவு. கடைக்காரரும் அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தென்னந்தோப்பு வேலை, மாடு வளர்ப்பு, கட்டட வேலை ஆகியவற்றை நம்பிப் பிழைப்பவர்கள். பாலக்காட்டு மொத்தச் சந்தைக்கும் பொள்ளாச்சிக்கும் தொலைவில் பெரிய வேறுபாடு இல்லை என்றாலும், பேச்சுப் பழக்கத்தாலும் உறவுத் தொடர்பாலும் இந்தப் பகுதிக் கடைகள் பல பொள்ளாச்சியிலேயே சரக்கு எடுக்கின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்ட பிறகு நடுப்புணி வழியாகச் சரக்கு வருவது இன்னும் எளிதாயிற்று.

அந்தக் கடைக்கு ஆண்டுக் கணக்கு எழுதித் தருபவன் என்ற முறையில் இந்த நிகழ்வை அருகிலிருந்து பார்த்தேன். கடைக்காரர், மொத்த வியாபாரி ஆகிய இருவரின் ஒப்புதலோடு, பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

2024 தொடக்கத்தில் கடையின் நிலை இவ்வாறு இருந்தது. பொள்ளாச்சி மொத்த வியாபாரி ஒருவரிடம் மட்டும் மாதத்துக்கு ஏறத்தாழ 2,40,000 ரூபாய்க்குப் பருப்பு, உளுந்து, சீனி, எண்ணெய், மிளகாய் போன்ற சரக்கு வந்தது. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் முப்பதாயிரம் ரூபாய் அளவில் பில் போடப்பட்டு, ஏழு நாளில் பணம் கட்ட வேண்டும் என்பது வாய்மொழி ஏற்பாடு. கடை ஜி.எஸ்.டி.யில் தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பதால், வாங்கும் பில்லில் உள்ள வரியை அவர் வரவு எடுத்துக்கொள்ள முடியாது. அந்த வரி அவருக்குச் சரக்கின் அடக்க விலையில் சேரும் செலவே. இந்த ஒரு செய்தி பின்னால் வரும் விலை ஒப்பீட்டில் முக்கியமானதாக ஆயிற்று.

முதல் கடிதமும் அதற்குக் கிடைத்த பதிலும்

2024 ஜனவரியில் கடைக்காரர் தாமே ஒரு கடிதம் எழுதிச் சரக்கு வண்டி ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்பினார். அதில் மூன்று செய்திகள் இருந்தன: ஏழு நாள் தவணையை நாற்பத்தைந்து நாளாக ஆக்க வேண்டும், எல்லாச் சரக்கிலும் ஐந்து சதவீதம் விலை குறைக்க வேண்டும், கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் சீனி மூட்டைக்கு அறுபது ரூபாய் குறைவாகத் தருவதாகச் சொல்வதால், முடிவு தெரிந்தால் அதற்கேற்ப நடந்துகொள்வேன். கடைசி வாக்கியம் மிரட்டலாக எழுதப்பட்டதல்ல, ஆனால் படிப்பவருக்கு அப்படித்தான் தோன்றும்.

இரண்டு வாரம் பதில் வரவில்லை. கடைக்காரர் நேரில் போனபோது மொத்த வியாபாரி சொன்னது இதுதான்: "தம்பி, தவணையும் நீட்டோணும், விலையும் குறையோணும்னா ரெண்டும் ஒரே லாபத்துல இருந்துதானே போகோணும். அதுல எங்கிட்ட அவ்வளவு எங்க இருக்குது?"

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு உண்மை என்பது விளங்கும். மூட்டைச் சரக்கில் தமக்குச் சராசரியாக மூன்று சதவீதம் நிற்பதாக அவர் சொன்னார். 2,40,000 ரூபாய் வியாபாரத்தில் அது 7,200 ரூபாய். நாற்பத்தைந்து நாள் தவணை கொடுத்தால் எந்த நேரத்திலும் 3,60,000 ரூபாய் வெளியில் நிற்கும். வங்கியில் அவர் பதினோரு சதவீத வட்டிக்குப் பணம் எடுத்துத்தான் சரக்கு வாங்குகிறார் என்பதால், அந்தப் பாக்கிக்கு மாத வட்டி மட்டும் 3,300 ரூபாய். ஐந்து சதவீத விலைக் குறைப்பு 12,000 ரூபாய். ஆக 7,200 ரூபாய் லாபம் தரும் வாடிக்கையாளர், மாதம் 15,300 ரூபாய் விட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பதில் வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கோயம்புத்தூர் விலையையும் சரிபார்த்தோம். அறுபது ரூபாய் குறைவு என்று சொல்லப்பட்டது வரி சேர்க்காத, கிடங்கிலேயே ஏற்றிக்கொள்ளும் விலை. பொள்ளாச்சிக்காரர் சொல்வது வரி சேர்த்து, கடை வாசலுக்கு வண்டி வந்து சேரும் விலை. சீனிக்கு ஐந்து சதவீத வரி என்றால் ஐம்பது கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ நூறு ரூபாய். வரி வரவு எடுக்க முடியாத இந்தக் கடைக்கு, வண்டி வாடகையைச் சேர்க்காமலேயே கோயம்புத்தூர் சீனி நாற்பது ரூபாய் கூடுதல். எல்லையோரக் கடைகளில் விலை பேசும்போது இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. வரி உள்ளா வெளியா, ஏற்றிய விலையா இறக்கிய விலையா என்று கேட்காமல் இரண்டு விலைகளை ஒப்பிடவே கூடாது.

கடையின் கணக்கில் தென்பட்டவை

மீண்டும் கடிதம் எழுதுவதற்கு முன் கடைக்காரருக்கு உண்மையில் என்ன தேவை என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. கொள்முதல் பில்களையும் வாடிக்கையாளர் பற்று நோட்டையும் மூன்று மாத அளவுக்கு எடுத்துப் பார்த்ததில், சரக்கு கடைக்குள் வந்து விற்றுப்போகச் சராசரியாகப் பதினெட்டு நாள் ஆனது. விற்பனையில் பாதி பற்றில் போனது. அந்தப் பற்று வசூலாக இருபது நாள் ஆனது. பாதி விற்பனைக்கு மட்டும் இந்த இருபது நாள் சேர்வதால், மொத்தத்தில் ஒரு ரூபாய் சரக்காகி மீண்டும் ரூபாயாகத் திரும்ப இருபத்தெட்டு நாள் ஆனது. அந்த ரூபாயைப் பொள்ளாச்சியில் ஏழாம் நாளே கட்ட வேண்டும். இடையில் உள்ள இருபத்தொரு நாளுக்கு, ஒரு நாள் கொள்முதல் எட்டாயிரம் ரூபாய் வீதம், 1,68,000 ரூபாய் வேறு எங்கிருந்தாவது வர வேண்டும்.

அதில் ஒரு பகுதி மனைவியின் நகைக்கடனிலிருந்தும் மற்றொரு பகுதி தினத் தண்டலிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. தண்டல்காரர் கையில் கொடுப்பது 90,000 ரூபாய். திரும்ப வாங்குவது நாளுக்கு ஆயிரம் வீதம் நூறு நாள். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், நூறு நாள் முழுவதும் கையில் இருக்கும் சராசரிக் கடன் ஏறத்தாழ 45,000 ரூபாய்தான். அதற்குக் கொடுக்கும் கூலி பத்தாயிரம். ஆண்டுக் கணக்கில் இது எண்பது சதவீதத்தை ஒட்டிய வட்டி. கடைக்காரர் இதைப் "பத்துப் பர்சன்ட் வட்டி" என்றே இதுநாள்வரை நினைத்திருந்தார். ஒரு தண்டல் முடிந்ததும் அடுத்ததை எடுப்பதால் மாதம் மூவாயிரம் ரூபாய் அங்கே போய்க்கொண்டிருந்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. விலையில் மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைந்தால், மாதம் எண்பது மூட்டைக்கு எண்ணூறு ரூபாய் மிஞ்சும். தவணை இரண்டு வாரம் நீண்டால் தண்டலையே நிறுத்தலாம், மூவாயிரம் மிஞ்சும். கடைக்காரர் இரண்டு கோரிக்கைகளையும் ஒரே எடையில் வைத்திருந்தார். அவருடைய கடையைப் பொறுத்தவரை தவணைதான் முதன்மையானது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

தவணையை முதலிலும் விலையை அடுத்தும் வைப்பது என்று முடிவாயிற்று. நாற்பத்தைந்து நாள் கேட்பதற்குப் பதில் இருபத்தொரு நாள் கேட்டோம். தண்டலை மூட அதுவே போதும் என்பதோடு, கட்ட முடியாத வாக்குறுதியைக் கொடுக்காமலும் இருக்கலாம்.

விலையைச் சதவீதத்தில் கேட்பதில்லை என்பது அடுத்த முடிவு. பருப்பு, சீனி, எண்ணெய் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. எந்த மொத்த வியாபாரியும் ஆண்டு முழுவதற்கும் ஒரு விலையை எழுத்தில் தர மாட்டார். எனவே அன்றைய சந்தை விலையிலிருந்து மூட்டைக்கு இத்தனை ரூபாய் குறைவு என்று, ஒரு பில்லில் குறைந்தது பத்து மூட்டை இருந்தால் மட்டும் பொருந்துமாறு கேட்கப்பட்டது. சோப்பு, பிஸ்கட் போன்ற கம்பெனிச் சரக்கைக் கோரிக்கையிலிருந்தே விட்டுவிட்டோம். அவற்றின் விலையும் சலுகையும் கம்பெனி வகுப்பது. மொத்த வியாபாரியின் கையில் அதிகம் இல்லை.

மூன்றாவது, கேட்பதற்கு ஈடாக என்ன தர முடியும் என்பது. வாரம் இருமுறை வரும் வண்டியை ஒருமுறையாக்கலாம். பொள்ளாச்சி வண்டி பல கடைகளுக்குச் சேர்ந்து வருகிறது. இந்தக் கடைக்கான பங்கு ஒரு தடவைக்கு நானூறு ரூபாய் என்று மொத்த வியாபாரியின் கணக்குப்பிள்ளையே முன்பு சொல்லியிருந்தார். எட்டுத் தடவைக்குப் பதில் சற்றுப் பெரிய சுமையோடு நான்கு தடவை வந்தால், தடவைக்கு ஐந்நூறு வைத்தாலும் மாதம் 1,200 ரூபாய் மிஞ்சும். அதோடு கோயம்புத்தூரில் சில்லறையாக வாங்கிவந்த நாற்பதாயிரம் ரூபாய்ச் சரக்கையும் பொள்ளாச்சிக்கே மாற்றுவதாகச் சொல்லலாம். மூன்று சதவீதத்தில் அது மேலும் 1,200 ரூபாய் லாபம். மறுபுறம், 2,80,000 ரூபாய் வியாபாரத்துக்கு இருபத்தொரு நாள் தவணை கொடுப்பதால் மொத்த வியாபாரிக்குக் கூடும் வட்டி மாதம் 1,300 ரூபாய் அளவுக்கும், மூட்டைக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைத்தால் 960 ரூபாய்க்கும் வருகிறது. 2,400 ரூபாய் வரவுக்கு எதிரே 2,260 ரூபாய் செலவு என்பதால், அவருக்கு நட்டம் வராத ஒரு கோரிக்கையாக அது அமைந்தது.

ஒரு செய்தியில் கடைக்காரர் தயங்கினார். முந்தைய ஆண்டில் அவர் கொடுத்த காசோலை ஒன்று கணக்கில் பணமில்லாமல் திரும்பியிருந்தது. அதைக் கடிதத்தில் சொல்ல வேண்டாம் என்பது அவர் எண்ணம். மொத்த வியாபாரியின் பேரேட்டில் அது சிவப்பு மையில் இருக்கும்போது, நாம் சொல்லாமல் விடுவதால் மறைந்துவிடாது. நாமே சொன்னால், இரண்டாம் நாளே ரொக்கமாகக் கட்டியதையும் சேர்த்துச் சொல்லலாம். அவர் ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் கடிதம்

2024 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அனுப்பிய கடிதத்தின் முக்கியப் பகுதி இது. பன்னிரண்டு மாதப் பில்களின் பட்டியல் தனித்தாளில் இணைக்கப்பட்டது.

> மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, வணக்கம்.
>
> ஜனவரியில் நான் எழுதிய கடிதத்தை விலக்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக இதைக் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> கடந்த பன்னிரண்டு மாதங்களில் தங்களிடம் 96 பில்களுக்குச் சரக்கு எடுத்துள்ளேன். அவற்றில் 71 பில்களுக்கு ஏழு நாளுக்குள்ளும், 21 பில்களுக்குப் பன்னிரண்டு நாளுக்குள்ளும் பணம் செலுத்தியுள்ளேன். நான்கு பில்கள் அதற்கு மேல் தாமதமாயின. அதிகத் தாமதம் பத்தொன்பது நாள். ஒரு காசோலை திரும்பியது. இரண்டாம் நாள் அந்தத் தொகையை ரொக்கமாகச் செலுத்தினேன்.
>
> மூட்டைச் சரக்குக்கும் எண்ணெய் டின்னுக்கும் மட்டும் தவணையை ஏழு நாளிலிருந்து இருபத்தொரு நாளாக உயர்த்தித் தர வேண்டுகிறேன். மொத்தப் பாக்கி எந்த நேரத்திலும் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. தாண்டினாலோ, ஒரு பில் இருபத்தொரு நாளைக் கடந்தாலோ, அது தீரும்வரை ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு கொடுக்கலாம்.
>
> வாரம் இருமுறை கொடுத்துவந்த ஆர்டரை இனி ஒருமுறையாகத் திங்கட்கிழமை மாலைக்குள் பட்டியலாக அனுப்பிவிடுகிறேன். புதன்கிழமை வண்டிக்கு ஏற்றினால் போதும். கோயம்புத்தூரில் எடுத்துவந்த நாற்பதாயிரம் ரூபாய்ச் சரக்கையும் தங்களிடமே எடுத்துக்கொள்கிறேன். இதனால் தங்களுக்கு மிஞ்சும் வண்டிச் செலவையும் கூடும் வியாபாரத்தையும் பார்த்து, ஒரு பில்லில் பத்து மூட்டைக்கு மேல் எடுக்கும்போது அன்றைய விலையில் மூட்டைக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைத்துத் தர வேண்டுகிறேன்.
>
> மூன்று மாதம் இவ்வாறு நடத்திப் பார்த்துத் தங்களுக்கு ஒத்துவராவிட்டால் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிக்கொள்ளலாம்.

எனக்குத் தெரிந்தவரை இதில் மிகவும் பயன்பட்ட வரி, பாக்கி வரம்பைத் தாண்டினால் ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு என்று கடைக்காரரே எழுதியது. கடன் கொடுப்பவர் கேட்கத் தயங்கும் நிபந்தனையை வாங்குபவர் முன்கூட்டியே எழுதினால், அடுத்த பேச்சு நம்பிக்கையைப் பற்றியதாக இல்லாமல் தொகையைப் பற்றியதாக மாறிவிடுகிறது.

பேச்சும் உடன்பாடும்

மூன்றாம் நாள் மொத்த வியாபாரியே தொலைபேசியில் அழைத்தார். இருபத்தொரு நாள் தவணைக்கும் இரண்டு லட்சம் வரம்புக்கும் ஒப்புக்கொண்டார். விலையில் பன்னிரண்டு ரூபாய்க்குப் பதில் எட்டு ரூபாய், அதுவும் ஒரு பில்லில் பதினைந்து மூட்டை இருந்தால் என்றார். வாரத்துக்கு இருபது மூட்டை எடுப்பதால் கடைக்காரருக்கு அந்த அளவு தடையில்லை. இறக்குக்கூலி கடைக்காரர் பொறுப்பு என்பதையும் அவர் வலியுறுத்தினார். கேரளத்தில் பதிவுபெற்ற சுமைத் தொழிலாளர்களே இறக்கும் இடங்களில் மூட்டைக்கான கூலி பொள்ளாச்சியைவிட வேறுபடும் என்பதால், அது தம் கணக்கில் வரக் கூடாது என்பது அவர் வாதம். அது நியாயமாகவே பட்டது.

அவர் தாமாக ஒன்று சேர்த்தார்: மூன்று நாளில் பணம் கட்டினால் பில்லில் ஒரு சதவீதம் தள்ளுபடி. பதினெட்டு நாள் முன்னதாகக் கட்டுவதற்கு ஒரு சதவீதம் என்பது ஆண்டுக் கணக்கில் இருபது சதவீதத்துக்குச் சற்று மேல். சொந்தப் பணம் சும்மா கிடந்தால் இதை எடுத்துக்கொள்வது நல்லது; தண்டல் வாங்கியோ நகை வைத்தோ இந்தத் தள்ளுபடியைப் பிடிக்கப் போகக் கூடாது என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

சிக்கல் ஏற்பட்ட இடம் காசோலை. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகள் இரண்டைப் பிணையாக மொத்த வியாபாரி கேட்டார். இது இந்த வியாபாரத்தில் வழக்கமான ஒன்றுதான். ஆனால் கையெழுத்திட்டுத் தானே கொடுத்த வெற்றுக் காசோலையில் பிறர் தொகையை நிரப்பினாலும், அது கடனைத் தீர்க்கவே தரப்பட்டது என்று சட்டம் முதலில் கருதும் என்பதை உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கையெழுத்திட்டவருடையது. காசோலை திரும்பினால் முப்பது நாளுக்குள் அறிவிப்பு வரும். அது கைக்கு வந்ததிலிருந்து பதினைந்து நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் குற்ற வழக்கு. எனவே ஒரே ஒரு காசோலை, மொத்த வியாபாரியின் பெயரும் இரண்டு லட்சம் ரூபாய் தொகையும் நிரப்பி, தேதி மட்டும் இல்லாமல் தரப்பட்டது. அந்தக் காசோலையின் எண், அது பாக்கிக்குப் பிணையாக மட்டும் தரப்படுகிறது, கணக்கு முடிந்தால் திருப்பித் தரப்பட வேண்டும் என்ற மூன்று வரிகளும் உடன்பாட்டுத் தாளில் எழுதப்பட்டு இருவரும் கையெழுத்திட்டார்கள். இது முழுப் பாதுகாப்பல்ல. ஆனால் வரம்பை மீறிய தொகை நிரப்பப்படும் ஆபத்து அதில் இல்லை.

பின்னர் நடந்தவை

2024 மார்ச் முதல் புதிய ஏற்பாடு தொடங்கியது. ஓடிக்கொண்டிருந்த தண்டல் ஏப்ரல் இறுதியில் முடிந்தபோது கடைக்காரர் புதிதாக எடுக்கவில்லை. அதுவே இந்த முயற்சியின் பெரிய பலன்.

எதிர்பாராத ஒரு வேலை, சரக்கு வண்டியோடு செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில். முன்பு முப்பதாயிரம் ரூபாய் பில்லாக வந்தவரை அது தேவைப்படவில்லை. வாரத்துக்கு ஒரே பில் என்றானபோது தொகை எழுபதாயிரத்தை எட்டியது. மாநிலம் கடந்து போகும் வரிக்குரிய சரக்கின் மதிப்பு ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். மே மாதத்தில் ஒருநாள் வழக்கமான வண்டி பழுதாகி வேறு வண்டியில் சரக்கு ஏற்றப்பட்டது. பார்ட் பி-யில் புதிய வண்டி எண்ணை மாற்றாமலே அனுப்பிவிட்டார்கள். வழியில் நடந்த சோதனையில் வண்டி நின்றது. கணக்குப்பிள்ளை அங்கிருந்தே எண்ணைத் திருத்தியபின் இரண்டு மணி நேரம் கழித்து விட்டார்கள். அதன்பிறகு வண்டி கிளம்பியதும் இ-வே பில்லின் படத்தைக் கடைக்காரரின் வாட்ஸாப்புக்கு அனுப்பும் வழக்கம் வந்தது. அவர் வண்டி எண்ணை ஓட்டுநரிடம் கேட்டு ஒப்பிட்டுக்கொள்கிறார்.

உண்மையான சோதனை ஓணத்தோடு வந்தது. 2024-ல் திருவோணம் செப்டம்பர் 15. தீபாவளி அக்டோபர் 31. எல்லையோரக் கடைக்கு இரண்டும் விற்பனைக் காலம். ஓணத்துக்காக ஜூலையில் தனியாக ஒரு கடிதம் எழுதி, வரம்பை 2,75,000 ரூபாயாகவும் தவணையை முப்பது நாளாகவும் தற்காலிகமாக உயர்த்திக் கேட்டார், கிடைத்தது. ஓணத்துக்கு முந்தைய வாரம் எடுத்த சரக்கின் பணம் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் கட்ட வேண்டியதாயிற்று. அதே வாரத்தில்தான் தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். கூடுதலாக எடுத்த துவரம் பருப்பில் ஆறு மூட்டை விற்காமல் நின்றதோடு, அதன் அன்றாட விலையும் இறங்கிவிட்டது. இரண்டு பில்கள் முப்பத்தாறு, முப்பத்தெட்டு நாளுக்குப் போயின. எழுதியிருந்தபடியே மொத்த வியாபாரி தவணையை நிறுத்தி, பாக்கி தீரும்வரை ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு கொடுத்தார். மனக்கசப்பு எதுவும் இல்லை. விதி முன்பே எழுதப்பட்டிருந்தது. ஆனால் தீபாவளிச் சரக்கு நினைத்ததில் பாதிதான் கடைக்கு வந்தது.

பற்று நோட்டைப் பார்த்தபோது இன்னொரு காரணமும் தெரிந்தது. மார்ச்சில் 1,10,000 ரூபாயாக இருந்த வாடிக்கையாளர் பற்று, செப்டம்பரில் 1,45,000 ஆகியிருந்தது. தமக்குத் தவணை நீண்டதும் கடைக்காரரின் கை தானாகத் தளர்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். பொள்ளாச்சியில் கிடைத்த பதினான்கு நாளில் ஒரு பகுதி இப்படி வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க மாதக் கடைசியில் பற்று மொத்தத்தைக் கூட்டிப் பார்த்திருந்தாலே போதும். வசூல் குறைவதை முதலில் காட்டுவது அந்த ஒரே எண்தான்.

மாற்ற வேண்டியவையும் மாற்றப்பட்டவையும்

நவம்பரில் பற்றுக்கு வரம்பு வைக்கப்பட்டது. பால் சங்கத்தில் பணம் வாங்கும் குடும்பங்களுக்கு, அந்தப் பணம் வரும் நாளன்று பழைய பற்று தீர்ந்தால் மட்டுமே புதிய பற்று. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை. இதைச் சொல்வது கடைக்காரருக்குக் கடினமாகவே இருந்தது. ஓரிரு குடும்பங்கள் சில வாரம் வேறு கடைக்குப் போயின, ஒன்று திரும்பி வரவில்லை. பற்று ஜனவரியில் 1,15,000 ரூபாய்க்கு இறங்கியது.

பண்டிகைக்கால உயர்வை வேறு விதமாகக் கேட்க வேண்டும் என்பது மற்றொன்று. ஓணத்துக்குத் தவணை நாளை நீட்டுவது தீபாவளியின் கழுத்தைப் பிடிக்கிறது. அதற்குப் பதில் தவணையை இருபத்தொரு நாளாகவே வைத்துக்கொண்டு வரம்பை மட்டும் உயர்த்தலாம். ஓணம் முடிந்து ஒரு வாரத்துக்குள் பிரிக்காத மூட்டையை அன்றைய விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்ளுமாறு கேட்கலாம். விலை இறங்கியிருந்தால் நட்டம் கடைக்காரருக்குத்தான். ஆனால் முடங்கிய பணம் தீபாவளிக்கு முன் கையில் வரும். மொத்த வியாபாரி இதற்குப் பருப்பு, சீனி இரண்டுக்கு மட்டும், அதிகபட்சம் ஐந்து மூட்டை வரை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

2025 மார்ச்சில் உடன்பாட்டுத் தாள் புதுப்பிக்கப்பட்டபோது இந்த ஏற்பாடும், இ-வே பில் படம் அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதும் எழுத்தில் சேர்ந்தன. மூட்டைக்கு எட்டு ரூபாய் என்பது மாறவில்லை. பழைய காசோலை திருப்பித் தரப்பட்டு, அதே தொகைக்குப் புதிய காசோலையின் எண் தாளில் எழுதப்பட்டது.